பேட்டரி இறங்கினால் வாட்ச் குப்பையா?

"ஸ்மார்ட்வாட்ச் ரெண்டு வருஷம்தான். பேட்டரி போனா மாத்த முடியாது, புதுசுதான் வாங்கணும்."

தவறு. ஆப்பிள் வாட்ச்சையே எடுத்துக்கொள்வோம். 1000 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படிதான் அதன் பேட்டரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால்கூட இரண்டே முக்கால் வருடம். அப்போதும் வாட்ச் சாகாது. காலையில் மாட்டினால் இரவு வரை வராமல் மாலையிலேயே சார்ஜர் கேட்கும், அவ்வளவுதான். வாட்ச்சில் Settings, Battery, Battery Health போய்ப் பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டி பேட்டரி சர்வீஸ் செய்துகொள்ளலாம். திரை விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

பணம் கட்டும் முன் மென்பொருளைப் பாருங்கள். 2018-ல் வந்த சீரிஸ் 4-க்கு 2024-ல் வந்த watchOS 11 கிடைக்கவில்லை. அதற்குப் புது பேட்டரி போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று வருட வாட்ச் என்றால் தயங்காமல் போடுங்கள்.