பேஸின் அடிப்பகுதியை முழுதாக வெட்டலாமா?

"பேஸ் கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டினால்தான் கிக் டிரம் தெளிவாகக் கேட்கும்."

தம்பி, இடம் ஒதுக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அந்த வெட்டு சுரத்தின் அடியையே எடுத்துவிடும். சாட்ஸ்வர்த்தில் கோயில் விழாவுக்காக நாங்கள் பதிவுசெய்த ஒரு பாடலில் கிக்கின் கனம் 60 ஹெர்ட்ஸில் இருந்தது. பேஸில் அவ்விடத்தை மட்டும் 3 டெசிபல் குறைத்து, 100 ஹெர்ட்ஸ் அருகே கிக்கைச் சற்றுத் தணித்துப் பேஸை 2 டெசிபல் ஏற்றியதும் இரண்டும் பிரிந்து கேட்டன. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, ஒலியளவு மாறாதபடி ஈக்வலைசரை அணைத்தும் போட்டும் நல்ல ஹெட்போனில் கேட்டால், எவரும் இதைச் சரிபார்க்கலாம். இப்படிக் குறைத்தால் சில சுரங்கள் மெலியும் என்று அண்ணன் ஒருவர் சொன்னதிலும் உண்மை உண்டு: ஏ கம்பியின் இரண்டாம் ஃபிரெட் சுமார் 62 ஹெர்ட்ஸ் என்பதால், அதை வாசித்துக் கேட்ட பிறகே வெட்டின் ஆழத்தை முடிவுசெய்யுங்கள்.