கவர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

காரைக்குடியில் எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தில் வருடக் கடைசி வசூல் தொடங்கிவிட்டது. இரவுக் காவல் பார்க்கும் அண்ணனுக்கும் சுத்தம் செய்யும் இரண்டு அக்காக்களுக்கும்தான். மொய் நோட்டு போல ஒரு நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவோம். நல்ல வழக்கம், நானும் எழுதியிருக்கிறேன்.

கீழ்த்தளம் முழுக்க ஆத்தங்குடிக் கல். மழைக்காலத்தில் செம்மண் ஒட்டிய செருப்போடு நாங்கள் ஏறி வருவோம். கறை போகட்டும் என்று ஒருமுறை நான் ஆசிட் வாங்கிக் கொடுத்தபோது மூத்த அக்கா தொடவே இல்லை. "இது சிமெண்டுக் கல்லு தம்பி, ஆசிட் பட்டா மேல்பூச்சு அரிச்சு பூவெல்லாம் வெளுத்துரும்" என்றார். வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, அப்புறம் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். அந்தத் தரை இன்றும் பளபளப்பது அவர் கையால்தான்.

அந்த அக்காவிடம் போன வாரம் "தீபாவளிக்கு போனஸ் வந்துச்சா?" என்று கேட்டேன். "அதான் போன வருசம் நீங்க எல்லாரும் சேர்ந்து குடுத்தீங்களே, அதுதான் போனஸ்னு சூப்பர்வைசர் சொன்னாரே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் ஆசையாகச் சேர்த்த பணத்தை மொத்தமாக ஒப்பந்தக்காரரின் ஆளான அந்த சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தோம். அது அவர்களுக்குச் சேர வேண்டியதை மறைக்கும் திரையாகிவிட்டது.

அன்பளிப்பு வேறு, போனஸ் வேறு. இருபது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் அந்த வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸ் தர வேண்டும். குறைந்தபட்ச விகிதம் 8.33 சதவீதம். மாதம் 7,000 என்று கணக்கிட்டாலும் முழு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் வரும். மார்ச்சில் கணக்கு முடிந்தால் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே டிசம்பரில் "வந்துச்சா?" என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

அக்காவை நேரடியாகக் கேட்கச் சொல்வது நியாயமில்லை. மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கட்டட உரிமையாளர். அதனால் வாடகைக்கு இருக்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். போனஸ் கொடுத்ததற்கான கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடுத்த மாத பில்லுக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், நாங்கள் விடப்போவதில்லை.

வசூலும் நடக்கும். இந்த முறை சூப்பர்வைசர் வழியாக இல்லை, பொருளாகவும் இல்லை. தனித்தனிக் கவர், உள்ளே பணம், மேலே 'அன்பளிப்பு' என்ற எழுத்து. காவல் அண்ணன் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார், நாங்கள் வருவதோ ஒன்பதரைக்கு. 31ஆம் தேதி மட்டும் ஐந்தே முக்காலுக்கு கேட்டருகே வந்துவிடுங்கள். அக்காக்களும் அந்த நேரத்துக்கு வந்திருப்பார்கள்.