இருபது அடியா, நாற்பது அடியா? கன மீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடி வழியாகப் பம்ப் செட்டுகளை அனுப்பும் பல ஏற்றுமதி அலுவலகங்களில், மொத்தக் கன மீட்டரைக் கூட்டிப் பார்த்தே கன்டெய்னரின் அளவை முடிவு செய்கிறார்கள். கனமும் உயரமும் வேறுபட்ட பேலட்டுகள் கலந்து செல்லும்போது இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1.2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட 14 பேலட்டுகள் செல்ல வேண்டும். அவற்றில் 6 பேலட்டுகளில் பம்புகள். ஒவ்வொன்றும் 1 மீட்டர் உயரம், 1,500 கிலோ எடை. மீதி 8 பேலட்டுகளில் குழாய் இணைப்புகள் உள்ள அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 1.1 மீட்டர் உயரம், 250 கிலோ எடை. மொத்தம் 11 டன், ஏறத்தாழ 18 கன மீட்டர். இருபது அடிக் கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர் என்பதால், தாராளமாக இடம் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் தரையில் 10 பேலட்டுகளுக்குத்தான் இடம் உண்டு, அதுவும் கவனமாக அடுக்கினால்தான். உள் நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். ஒரு வரிசையை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்காகவும் வைத்துக்கொண்டே போனால் முதல் வரிசையில் நான்கும் இரண்டாவதில் ஐந்துமாக ஒன்பதோடு நின்றுவிடும். கதவருகே உள்ள கடைசி ஜோடியின் திசைகளை மாற்றி வைத்தால்தான் பத்தாவது நுழையும். அப்போதும் நீளத்தில் 10 செ.மீ. மட்டுமே மிச்சம் என்பதால், பேலட்டை மீறிப் பெட்டிகள் சற்றுத் துருத்தினாலும் திட்டம் கெட்டுவிடும். ஆகவே வெறும் பேலட்டை அல்ல, சரக்கு ஏற்றிய பேலட்டை அளக்க வேண்டும்.

மீதி நான்கும் மேலே ஏற வேண்டும். பம்புப் பேலட்டின் மேல் அட்டைப்பெட்டிப் பேலட்டை வைத்தால் 2.1 மீட்டர், கதவின் உயரம் சுமார் 2.28 மீட்டர் என்பதால் ஃபோர்க்லிஃப்ட் தூக்கி வைக்கவும் போதிய இடைவெளி இருக்கும். இதற்குப் பம்புப் பெட்டியின் மேற்புறம் சமதளமாகவும் எடை தாங்குவதாகவும் இருக்க வேண்டும், மேல் பேலட்டைக் கீழ்ப் பேலட்டோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். எனவே கன்டெய்னரின் அளவை உண்மையில் தீர்மானிப்பது பேக்கிங் பிரிவுதான் என்பேன்.

எடைப் பரவலும் முக்கியம். பம்புகள் ஆறையும் உட்புறமாகவே வைத்தால் முக்கால் பங்குக்கு மேற்பட்ட எடை ஒரு பாதியில் சேர்ந்துவிடும். பொதுவாக 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவற்றை முதல், நடு, கடைசி ஜோடிகளாகப் பிரித்து வைப்பதே சரி.

மேற்புறம் எடை தாங்காது என்றால் தயங்காமல் நாற்பது அடியை எடுக்கலாம். அதில் தரையிலேயே 20 பேலட்டுகள் நிற்கும். ஆனால் அது ஏற்றும் எடை ஏறத்தாழ இருபது அடியின் அளவுதான் என்பதால், இருபது அடியிலேயே எடை வரம்பை எட்டிவிடும் சரக்குக்கு அதனால் பயனில்லை.