நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்றுதான் கேட்டேன்

எனக்கு வலிப்பு இருப்பதைச் சொல்லிக் கம்பெனி நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதம் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. அதற்கு வந்த பதிலைத்தான் தாங்க முடியவில்லை: முழுத் தகுதிச் சான்றிதழ் வரும்வரை வீட்டில் ஓய்வெடுக்க வேண்டுமாம், கணினி வேலையும் கிடையாதாம்.

நான் ஓய்வு கேட்கவே இல்லை. நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்றுதான் கேட்டேன்.

எனக்கு இருப்பது ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. பதின்வயதில் தொடங்கும் வலிப்பு வகை. ராத்தூக்கம் கெட்டால், எழுந்த கொஞ்ச நேரத்தில் கை சட்டென்று வெட்டி இழுக்கும், டம்ளர் தெறித்து விழும். அதைக் கவனிக்காமல் மறுபடியும் தூக்கத்தைக் கெடுத்தால் பெரிய ஃபிட்ஸே வரலாம். மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போட்டால் போதாது, தூக்கமும் வேண்டும். பகல் ஷிஃப்டில் இருந்தவரை எனக்கு ஒன்றும் வரவில்லை. ஷிஃப்ட் மாற்றி நைட்டில் போட்ட பிறகுதான் அன்று காலை பஞ்ச் செய்யும் இடத்தில் விழுந்தேன்.

கணினித் திரையைப் பார்த்தால் வருமே என்கிறார்கள். மின்னும் ஒளியால் வலிப்பு வருவது, வலிப்பு உள்ளவர்களிலேயே நூற்றில் சுமார் 3 பேருக்குத்தான். என் வகையில் அது நிறையவே அதிகம் என்பதால், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போதே கண்முன் விளக்கை மின்னவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு எந்த மாற்றமும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் கடிதத்தோடு இணைத்திருந்தேன். படித்தீர்களா?

மெஷினில் விழுந்தால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் கவர் இல்லாத மெஷின், ஏணி, ஃபோர்க்லிஃப்ட் எதிலும் என்னைப் போடவேண்டாம் என்று நானே எழுதினேன். மேசையில் உட்கார்ந்து வெர்னியரில் அளவு பார்ப்பதுதான் என் வேலை. அதில் என்ன ஆபத்து?

இவனுக்குக் கொடுத்தால் எல்லோரும் பகல் ஷிஃப்ட் கேட்பார்கள் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, அதற்குப் பதிலாக ஞாயிறு வேலை பார்க்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேனே!

அன்று என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், வாயில் ஸ்பூனை நுழைத்ததில் பல் உடைந்தது. பதறிப்போய்ச் செய்தார்கள், அவர்கள் மேல் கோபமில்லை. கடிதத்தின் கடைசிப் பத்தி அவர்களுக்காகத்தான்: நேரம் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கைகாலை அமுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானே நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால் 108-க்கு அழையுங்கள். இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னேன். அதற்குக்கூடவா சான்றிதழ் வேண்டும்?

"எதுக்குடா எழுதிக் கொடுத்தே, இனி யார் பொண்ணு தருவா?" என்று அம்மா அழுகிறார். வலிப்பு இருந்தால் கல்யாணத்துக்குத் தடை என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். சட்டமே விட்டதை ஊர் விடவில்லை, ஆபீஸும் விடவில்லை. மறைத்து வேலை பார்த்திருந்தால் நல்ல பையன், உண்மையை எழுதினால் ஆபத்தானவன்!

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வருவேன். கேட்டில் நிறுத்துவதாக இருந்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.