‘நில்’லுக்குப் பின்னால் மூன்று தட்டு

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், சேரன்மகாதேவி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு வெள்ள எச்சரிக்கைப் பாட்டு ஒன்று கேட்டார்கள். பாடப்போவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரே ராத்திரியில் எழுதி மெட்டும் போட்டுவிட்டேன். பல்லவி இதுதான்:

பார்த்து வா தம்பி கரையில நில்
ஆத்துல வெள்ளம் ஏறுது பார்

தாளில் படித்தால் குறை ஒன்றும் தெரியாது. கீபோர்டில் நான் பாடிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் இருந்த அத்தை கேட்டாள்: "ஏய்யா, நிலாவுல எப்படிய்யா வெள்ளம் வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் திரும்பப் பாடிப் பார்த்தேன். அவள் கேட்டது சரிதான். "நில்" முடிந்து மூச்சுகூட விடாமல் "ஆத்துல" தொடங்குகிறது. "நிலாத்துல வெள்ளம்" என்றுதான் காதில் விழுகிறது. பள்ளியில் படித்த புணர்ச்சி விதிப்படி பார்த்தால் இன்னும் மோசம். தனிக்குறிலுக்குப் பின்னால் நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். நில், ஆத்துல இரண்டும் சேர்ந்தால் "நில்லாத்துல". நில்லென்று சொல்லப்போய் நில்லாதே என்று சொன்ன கதை.

இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி விடுவதை நம்மில் பலர் பாடுகிறவருடைய மூச்சுக்காக என்று மட்டும் நினைக்கிறோம். மூச்சு ஒரு காரணம்தான். தமிழில் இன்னொரு காரணம் இருக்கிறது. நம் சொற்கள் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளத் துடிப்பவை. ல், ள், ன், ம் என்று முடிகிற சொல் அடுத்த உயிரெழுத்துக்குள் வழுக்கிப் போய்விடும். "வருது" மாதிரி உகரத்தில் முடிந்தால் அந்த உகரமே காணாமல் போகும்; "வருது, ஆத்துல" என்பது "வருதாத்துல" ஆகும். போதாததற்கு வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. "ஆத்துல இறங்கி மீன் பிடிக்க" என்பதுவரை பாடினால், வா என்கிறாயா வராதே என்கிறாயா என்று கேட்பவருக்குத் தெரியாது. வரி முழுக்கக் காத்திருந்து கடைசிச் சொல்லைப் பிடிக்கிறார். அந்த நொடியில் அடுத்த வரியைத் தூக்கி அவர் மேல் போட்டால் இரண்டும் போச்சு.

சரி, பாட்டுக்கு வருகிறேன். டெம்போ 100, அதாவது நிமிடத்துக்கு நூறு தட்டு, ஒரு தட்டுக்கு 0.6 நொடி. ஒரு வரிக்கு எட்டுத் தட்டு. என் முதல் மெட்டில் "நில்" ஏழாவது தட்டில் விழுந்து எட்டாவது முடியும்வரை இழுபட்டது. நீட்டினால் இனிமையாக இருக்கும் என்ற ஆசைதான். நீட்டுவதும் நிறுத்துவதும் ஒன்றில்லை என்று அப்போது உறைக்கவில்லை. நீட்டிய "ல்" அடுத்த வரிக்குப் பாலம் போட்டுவிட்டது. தத்தகாரத்தில் மெட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். "தான தந்தன தானா" என்று எழுதினால் எது நீட்டல், எது மௌனம் என்று அதில் தெரியாது. இப்போது மௌனம் வரும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு வைக்கிறேன்.

முதலில் சின்னதாகத் திருத்தினேன். "நில்" ஏழாவது தட்டோடு முடிய வேண்டும், எட்டாவது காலி. அத்தைக்கு இப்போது புரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை பார்த்தபோது மறுபடியும் குழம்பியது. காரணம் குழாய் ஸ்பீக்கர். நம் ஊர்க் கோயில் கொடைகளில் கட்டுவது போலத்தான் மேடையருகே ஒன்று, வாசல் வேப்பமரத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே சுமார் 100 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையருகே நிற்பவருக்கு வேப்பமரத்துக் குரல் 0.3 நொடி பிந்தி வந்து சேரும். இந்த வேகத்தில் அது சரியாக அரைத்தட்டு. நான் விட்டதே ஒரு தட்டு. அதில் பாதியைப் பிந்தி வந்த "நில்" தின்றுவிட்டது. மீதியில் நாற்பது பிள்ளைகள் சத்தமாக மூச்சு இழுத்தார்கள்.

அப்போதுதான் "தம்பி"யை வெட்டினேன். மனசில்லாமல்தான். அழகான விளிச்சொல் அது. ஆனால் அதற்கு அந்த வரியில் வேலை இல்லை. எதிரில் இருப்பது தம்பிதான் என்று அவனுக்கே தெரியும். "பார்த்து வா, கரையில நில்" என்று ஆனதும் முன்னால் உள்ள அசைகள் நான்கு தட்டில் அடங்கின. "பார்" மட்டும் ஒரு முழுத் தட்டு, மற்ற ஆறும் அரைத்தட்டு. "நில்" ஐந்தாவது தட்டின் தலையில் போய் அறைந்தது. ஆறு, ஏழு, எட்டு மூன்றும் காலி. 1.8 நொடி. வேப்பமரத்துக் குரலும் வந்து அடங்கி, பிள்ளைகளும் நிதானமாக மூச்செடுத்து, அதற்கு மேலும் நேரம் கிடக்கும்.

கீபோர்டு வாசிக்கும் நண்பருக்கு இது பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, இடம் சும்மா கெடக்கே" என்று அங்கே ஒரு புல்லாங்குழல் பிட்டைச் செருகினார். பிள்ளைகள் "நில்" பாடிய அதே சுரத்திலிருந்து ஏறிப் போகிறது. விளைவு? குழல் "நில்"லை நீட்டிக்கொண்டு போனது, பழைய வியாதியே வேறு வாத்தியத்தில். இடைவெளியில் வாத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. குரல் அடங்கிய பின்னால் தொடங்கட்டும், குரலின் உயரத்தில் வராமல் கீழே வரட்டும். கடைசியில் ஆறாவது தட்டை வெறுமையாக விட்டு, ஏழிலும் எட்டிலும் குடத்தில் இரண்டு அடி வைத்தோம். அந்த இரண்டு அடியைக் கேட்டுப் பிள்ளைகள் அடுத்த வரியைப் பிசகாமல் எடுத்தார்கள்.

இதில் நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. வில்லுப்பாட்டில் பாட்டுக்காரர் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், பின்பாட்டுக்காரர்கள் வரியின் வாலைப் பிடித்துத் திரும்பப் பாடுவார்கள், கதை சொல்லும்போது "ஆமா" போடுவார்கள். கேட்பவருக்கு வரி உள்ளே இறங்க அவ்வளவு நேரம் கிடைக்கிறது, பாடுபவருக்கும் அடுத்ததை நினைக்க நேரம். வில்லும் குடமும் உள்ள ஊரில் பிறந்துவிட்டு இதைக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து தட்டு எண்ணிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு.

எல்லா வரிக்கும் மூன்று தட்டு விட்டால் பாட்டு ட்ரில் வகுப்பு ஆகிவிடும். இரண்டாவது வரிக்கு ஒரு தட்டுதான் விட்டேன். "பார்" அடுத்த சொல்லோடு ஒட்டினாலும் அர்த்தம் கெடாத இடம் அது. தாலாட்டில் இவ்வளவு துண்டாக நிறுத்தினால் பிள்ளை முழித்துக்கொள்ளும். திருப்புகழின் சுகமே சந்தம் ஓடுவதில்தான், ஆனால் அங்கும் ஓடிவந்த சந்தம் அடியின் கடைசியில் வரும் தொங்கலில் வந்து இளைப்பாறுகிறதா இல்லையா?

இப்போதெல்லாம் புதுப்பாட்டு எதுவானாலும் வரியைச் சொல்லாமல் அத்தையை அடுத்த அறையில் உட்காரவைத்துப் பாடுகிறேன். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதியவனுக்குத் தன் வரி எப்போதும் தெளிவாகத்தான் கேட்கும், அதனால் என் காதை நான் நம்புவதில்லை.

விழா அன்று பிள்ளைகள் "கரையில நில்" என்று முடித்து நிறுத்தினார்கள். ஆறாவது தட்டு, குடம் விழுவதற்கு முன்னால், பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா பழக்க தோஷத்தில் சத்தமாக "ஆமா" என்றார். அடுத்த சுற்றில் அந்த வரிசை முழுக்கச் சொன்னது.