கூட்டாகப் படித்தவர் பாதியில் போனால்

குரூப் 4-க்கு இரண்டு பேராகச் சேர்ந்து படிப்பவர்கள் பெரும்பாலும் பாடத்தைத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். "நீ தமிழும் வரலாறும் பார், நான் கணக்கும் அரசியலமைப்பும் பார்க்கிறேன், அப்புறம் நோட்ஸை மாற்றிக்கொள்வோம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் நின்றுவிட்டால் பாதி சிலபஸும் அவரோடு போய்விடுகிறது.

எங்கள் ஊர் நூலகத்தில் என் எதிர் மேசையில் படித்த அக்காவுக்கு இதுதான் நடந்தது. அவருடைய தோழி நூலகத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெஸ்டுக்குக் கேள்வி எடுத்து வருவதைத்தான் முதலில் நிறுத்தினார். "இந்த வாரம் நீயே எடுத்துடு" என்பது வாரா வாரம் தொடர்ந்தது. ஒருவர் விலகுகிறார் என்பது வருகையில் தெரியாது, இதில்தான் தெரியும். அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்: "பரீட்சை எழுதப் போறியா இல்லையா?" கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாம், சொல்லத் தயங்கியிருக்கிறார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

சிக்கல் நோட்டில்தான் இருந்தது. தோழி கொடுத்துவிட்டுப் போன கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க "12, 6 → 4" மாதிரி வரிகள். எழுதியவருக்கு அது போதும். ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிக்கிற வேலையை இருவரும் சேர்ந்தால் 72-ஐ 18-ஆல் வகுத்து 4 நாள். போட்டுப் பார்க்காதவருக்கு அது வெறும் அம்புக்குறி. (இதே கணக்கில் "ஒருவர் நடுவில் விலகினால்" என்றும் கேட்பார்கள். அங்கே மீதி வேலை எவ்வளவு என்றாவது கண்டுபிடித்துவிடலாம்!)

அந்த நோட்டை மனப்பாடம் செய்ய அக்கா உட்காரவில்லை, அதுதான் சரி. தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள்களை எடுத்து, கணக்குப் பகுதியின் 25 கேள்விகளை மட்டும் நேரம் வைத்துப் போட்டார். தனிவட்டி, சதவீதம், விகிதம் எல்லாம் பள்ளியில் படித்த நினைவிலேயே வந்துவிட்டன. கூட்டுவட்டியும் வேலை-நேரமும் கன அளவும்தான் நின்றன. பாதி சிலபஸ் போச்சு என்று பயந்தது கடைசியில் சில தலைப்புகளாகச் சுருங்கியது. கணக்கைத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் போட்டார், ஏனென்றால் அது கை பழகினால்தான் வரும். அரசியலமைப்புக்கு நோட்டே வேண்டாம் என்று பள்ளி சமூக அறிவியல் புத்தகங்களில் உள்ள குடிமையியல் பாடங்களை நேராகப் படித்தார். தமிழுக்கான நேரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 200 கேள்வியில் 100 அதுதான், அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

பிறகு இன்னொரு பெண் சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டபோது அக்கா ஒத்துக்கொண்டார், ஆனால் பாடத்தைப் பிரிக்கவில்லை. இருவரும் ஒரே பாடத்தைப் படிப்பது, கேள்வி எடுப்பதை மட்டும் ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருவர் நின்றுபோனால் இன்னொருவருக்குக் குறைவது அந்த டெஸ்ட் மட்டும்தான். அதற்குப் பழைய வினாத்தாள் இருக்கவே இருக்கிறது.