“மிக்ஸி ஓடுது, ஆனா அரைக்கல”ன்னு கேட்கிறவருக்கு “முழுமையான வழிகாட்டி” எதுக்குங்க?

மறுபடியும் தலைப்பை மாற்றிவிட்டார்கள். ஒரு மிக்ஸி சர்வீஸ் கடைக்காக நான் எழுதிக் கொடுத்த பக்கம் அது. “மிக்ஸி ஓடுது, ஆனா அரைக்கல, ஏன்?” என்று தலைப்பு வைத்திருந்தேன். இன்று காலை திறந்து பார்த்தால் “மிக்சர் கிரைண்டர் பழுது நீக்கம்: காரணங்கள், தீர்வுகள் மற்றும் முழுமையான வழிகாட்டி” என்று நிற்கிறது. கேட்டால், கூகுள் தேடலில் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் எஸ்இஓ வேலை பார்க்கிற ஏஜென்சித் தம்பி சொல்கிறார்: “உங்க தலைப்புக்கு சர்ச் வால்யூம் ஜீரோ காட்டுது மேடம். அப்படி யாரும் தேடல.”

யாரும் தேடலையா? அந்தக் கடையில் ஒரே ஒரு நாள் போன் எடுத்துப் பாருங்கள் தம்பி. கூப்பிடுகிறவர்களில் ஒருவராவது “மிக்சர் கிரைண்டர் பழுது நீக்கம்” என்று சொல்லட்டும், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். “ஓடுதுண்ணே, ஆனா அரைய மாட்டேங்குது”, “உர்ருன்னு சத்தம் மட்டும் வருது”, “சட்னி அரைச்சிட்டு இருந்தேன், பாதியில நின்னு போச்சு”. இப்படித்தான் பேசுகிறார்கள். போனைக் கையில் எடுத்து மைக்கை அழுத்திக் கேட்கும்போதும் இதையேதான் கேட்கிறார்கள். கூகுளில் தமிழில் பேசித் தேடும் வசதி 2017 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. கையில் மாவோடு நிற்கிற ஒருவர் “பழுது நீக்கும் வழிமுறைகள்” என்று தட்டச்சு செய்துகொண்டிருப்பார் என்று எந்தத் தைரியத்தில் நம்புகிறீர்கள்?

எனக்கு ஆத்திரம் தலைப்பின் அழகு போனதில் இல்லை. அந்தக் கேள்விக்குள்தான் நோயே இருக்கிறது, அதை அழித்துவிட்டார்கள், அதுதான் தாங்கவில்லை. அந்தக் கடை மெக்கானிக் அண்ணன் போனை எடுத்ததும் முதலில் கேட்பது “சத்தம் வருதாம்மா?” என்பதைத்தான். கம்பெனி, மாடல், எத்தனை வாட்ஸ் எல்லாம் அப்புறம்தான். ஏனென்றால் அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

சத்தமே இல்லை, மிக்ஸி செத்துக் கிடக்கிறது என்றால் அது ஒரு கதை. பிளக், சுவிட்சில் கரண்ட் வருகிறதா, ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் ஓவர்லோடு ஆகி நின்றிருக்கும். மோட்டார் தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏறினால், அது கருகாமல் இருக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் தானே கரண்டைத் துண்டித்துவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மிக்ஸியின் அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஓடும். அதற்கு முன்னால் ஜாரில் பாதியை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் நின்றுவிடும். செலவே கிடையாது.

உர்ரென்று சத்தம் வந்து சுற்றாமல் இருந்தால் அது முற்றிலும் வேறு. மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே உடனே அணைக்க வேண்டும். “கொஞ்ச நேரம் விட்டா சுத்திடும்” என்று பிடித்துக்கொண்டிருந்தால் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகிவிடும். அணைத்துவிட்டு ஜாரைத் தலைகீழாகப் பிடித்து அடியில் மோட்டாரோடு பொருந்துகிற பல் வைத்த கப்ளரைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கோளாறு ஜாரில்தான். மாவோ மசாலாவோ இறங்கிக் காய்ந்து, பிளேடின் தண்டு சுற்றுகிற புஷ் இறுகியிருக்கும். லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் மிக்ஸி உறுமிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும், அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, நான் தலைப்பாக வைத்த கேள்வி. ஓடுகிறது, ஆனால் அரைக்கவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது என்பதைக் கேட்கிறவர் கேள்வியிலேயே சொல்லிவிட்டார்! மோட்டாரின் மேலே ஒரு கப்ளர், ஜாரின் அடியில் ஒரு கப்ளர், இரண்டும் பல்லோடு பல் பொருந்தித்தான் பிளேடு சுற்ற வேண்டும். பல் தேய்ந்துவிட்டால் கீழே உள்ளது வழுக்கிக்கொண்டு ஓடும், மேலே பிளேடு அசையாது, அல்லது விட்டுவிட்டுச் சுற்றும். கடகடவென்று ஒரு சத்தமும் வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாரை எடுத்து அந்தப் பல்லைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். மாற்றினால் தீர்ந்தது, சின்ன சாமான்தான். பல் நன்றாக இருந்து பிளேடும் சுற்றுகிறது, ஆனாலும் நைசாக வரவில்லை என்றால் பிளேடு மழுங்கியிருக்கும்.

ஆக மூன்று கேள்வி, மூன்று காரணம், மூன்று பதில். ஒன்றுக்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஒன்றுக்கு உடனே அணைத்தே ஆக வேண்டும், ஒன்றுக்குக் கப்ளர் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கி “மிக்சர் கிரைண்டர் பழுது நீக்கம்” என்று மூடி வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தின் ஆரம்பத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் தெரியுமா? “மிக்சர் கிரைண்டர் என்றால் என்ன?” ஐயா, மிக்ஸி என்றால் என்னவென்று தெரியாதவர் வீட்டில் மிக்ஸி எப்படி நிற்கும்? அதற்குக் கீழே “மிக்சர் கிரைண்டரின் நன்மைகள்”. நன்மை தெரிந்துதான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், அது இப்போது ஓடவில்லை என்றுதான் உங்களிடம் வந்து நிற்கிறார்! நான் முதல் இரண்டு வரியில் எழுதியிருந்த பதிலைத் தேடித்தேடி, விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால், கிட்டத்தட்ட கடைசியில் கிடக்கிறது.

இன்னொரு கொடுமை. அதே ஏஜென்சி போன மாதம் அனுப்பிய தலைப்புப் பட்டியலில் “மிக்ஸி ஏன் ஓடவில்லை?”, “மிக்ஸி ஏன் இயங்கவில்லை?”, “மிக்ஸி ஏன் வேலை செய்யவில்லை?” என்று தனித்தனியாகப் பக்கம் கேட்டிருந்தார்கள். இந்த மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். சொல்தான் வேறு. ஒரே பதிலை மூன்று பக்கமாக எழுதினால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், எதை மேலே காட்டுவது என்று தேடுபொறியும் குழம்பும், படிக்கிறவருக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அதாவது, பதில் ஒன்றாக இருக்கிற இடத்தில் மூன்றாகப் பிரிக்கிறார்கள், பதில் மூன்றாக இருக்கிற இடத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சிலர் மட்டுமே கேட்கிற, குறிப்பான நீளக் கேள்விகளைப் பிடிக்க வேண்டும், அதுதான் லாங் டெயில் என்று வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு இது ஏன் உறைக்கவில்லை? கேள்வியை நீளமாக்குவதற்குப் பெயர் லாங் டெயில் இல்லை. நீளம் கூடக் கூட எந்தக் கோளாறு என்பது தெளிவாகிக்கொண்டே வர வேண்டும். “ஓடுது, ஆனா அரைக்கல” என்பதில் அந்த “ஆனா”தான் எல்லாமே.

சரி, அந்த ஜீரோவுக்கு வருவோம். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கணக்குச் சொல்லும் கீவேர்டு கருவி ஜீரோ காட்டினால் யாருமே கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. கூகுளே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நாளும் வருகிற தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று. தமிழில் பேசிக் கேட்கும்போது இது எவ்வளவு சிதறும் என்று யோசித்துப் பாருங்கள். “அரைக்கல”, “அரைய மாட்டேங்குது”, “அரைபடல”, ஆங்கில எழுத்தில் தட்டினால் அதிலும் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். ஒவ்வொன்றும் நாலைந்து பேர் கேட்டது. தளம் வைத்திருப்பவருக்கு எந்தத் தேடலில் ஆள் வந்தார்கள் என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில்கூட, இரண்டு மூன்று மாதத்தில் சில டஜன் பேருக்கு மேல் கேட்காத கேள்வியின் வாசகத்தை, கேட்டவரின் அந்தரங்கத்துக்காக மறைத்துவிடுவார்கள். மொத்தக் கிளிக்கில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பட்டியலில் கேள்வி இருக்காது. அந்த மறைந்து கிடக்கிற கூட்டம்தான் கடைக்கு போன் போடுகிற கூட்டம். இதை அந்தத் தம்பிக்கு விளக்கினேன். “கிளையண்ட் ரிப்போர்ட்ல நம்பர் காட்டணும் மேடம்” என்றார்.

நம்பர் காட்டத்தான் பக்கத்தின் அடியில் பத்துக் கேள்வி பத்துப் பதில் என்று எஃப்ஏக்யூ வேறு ஒட்டச் சொல்கிறார்கள். தேடல் முடிவில் கேள்விகள் விரிந்து விரிந்து தெரியுமே, அதற்காகவாம். 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது, நன்கு அறியப்பட்ட அரசு, மருத்துவத் தளங்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை வழக்கமாகக் காட்ட மாட்டோம் என்று. மிக்ஸி கடை அரசாங்கமா, ஆஸ்பத்திரியா? இன்னமும் பத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தலைப்பை போனில் ஒருமுறையாவது பார்த்தார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கிற இடம் திரையின் அகலத்தைப் பொறுத்தது, மிஞ்சினால் வெட்டிப் புள்ளி வைத்துவிடும். தமிழ் எழுத்து இடத்தை நிறைய அடைக்கும், போதாக்குறைக்குத் தமிழில் வினை கடைசியில்தான் வரும். முன்னால் “சிறந்த”, “முழுமையான” என்று அடைத்தால் வெட்டுப்படுவது எது? “அரைக்கல, ஏன்?” என்கிற வால்தான். தேடுகிறவர் தன் கோளாறு அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார். அவருக்குத் தெரிவது “மிக்சர் கிரைண்டர் பழுது நீக்கம்: கார…”. அப்படியே கடந்து போய்விடுகிறார்.

கடைசியில் என்ன நடக்கும்? கப்ளர் தேய்ந்ததற்கு மோட்டார் போய்விட்டது என்று நினைத்துப் புது மிக்ஸி வாங்குவார்கள். உறுமுகிற மிக்ஸிக்கு, அந்தக் கலவைப் பக்கத்தில் எங்கேயோ படித்த சிவப்புப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்டிப் பார்த்து, இருக்கிற மோட்டாரையும் கருக்குவார்கள். நான் பழைய தலைப்பையே திரும்பப் போட்டுவிட்டேன், பதிலையும் மேலே கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு மாற்றினால் மறுபடியும் போடுவேன்.

அப்புறம் இந்த மிக்ஸி செய்கிற கம்பெனிக்காரர்களே, அந்தச் சிவப்புப் பட்டனை எதற்கய்யா அடியில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறீர்கள்? அதுவும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் எழுதி! முன்பக்கம் வைத்துப் பக்கத்திலேயே “நின்றுவிட்டால் ஆறவிட்டு இதை அழுத்தவும்” என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? பெட்டி முழுக்கப் பூப்படம் போட மட்டும் இடம் இருக்கிறது!